கோத்தகிரி குளிருக்கு பயோடீசல் தாங்குமா?

"ஐயா, கோத்தகிரியில் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பழைய டீசல் ஜீப் ஒன்றும் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் ஒன்றும் இருக்கின்றன. ஓட்டல் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை, டீசல் 93 ரூபாய் விற்கும்போது 87 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். மைலேஜ் குறையுமா? குளிரில் உறையுமா? ரப்பரை அரித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?"

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, பயோடீசலில் 33தான். பயோடீசலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அது எரிய உதவுமே தவிர, தானாக வெப்பம் தராது. லிட்டருக்கு எடை சற்றுக் கூடுதலாக இருப்பதால் இழப்பு எட்டு சதவீதத்தோடு நிற்கிறது. ஆக, 100 லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு 109 லிட்டர் பயோடீசல் வேண்டும். 87 ரூபாய் வீதம் 9,483 ரூபாய் ஆகிறது, டீசலுக்கோ 9,300தான். 85 ரூபாய்க்கு இறங்கினால்தான் உங்களுக்கு ஒரு பைசாவாவது மிஞ்சும்.

உங்கள் ஊருக்குப் பெரிய சிக்கல் குளிர்தான். ரேஷன் பாமாயில் மார்கழியில் பாக்கெட்டுக்குள்ளேயே வெள்ளையாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்தால் பயோடீசல் கிடைக்கிறது. இதில் எண்ணெய் நீர்த்துவிடும், ஆனால் அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மாறுவதில்லை. பாமாயிலில் சுமார் 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம். அது மெத்தனாலோடு சேர்ந்து உருவாகும் எஸ்டர் தனியாக இருந்தால் 30 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். மற்றவற்றோடு கலந்திருப்பதால் பாமாயில் பயோடீசல் 12 முதல் 16 டிகிரிக்குள் மங்கத் தொடங்கும். சோயா எண்ணெயில் செய்தது சுமார் 0 டிகிரி வரை தாங்கும், கடுகு இனத்து ரேப்சீடு எண்ணெயில் செய்தது அதற்கும் கீழே போகும். நம் ஊர் ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் வடை சுடுவது பெரும்பாலும் எதில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

டேங்க் முழுவதும் கட்டியாக வேண்டும் என்பதில்லை. மெழுகுத் துகள்கள் ஃபில்டர் தாளில் படிந்தாலே போதும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகி, ஓரிரு நிமிடம் ஓடி, மூச்சு வாங்கி நின்றுவிடும். அப்போது ஃபில்டரைக் கழற்றி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். வெள்ளைப் பசை உருகிக் காணாமல் போனால் மெழுகு. கறுப்புச் சேறு அப்படியே இருந்தால், பழைய டேங்கின் கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது. மாறிய புதிதில் இது வரும். ஒன்றிரண்டு ஃபில்டர் மாற்றினால் தீர்ந்துவிடும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கண்ணாடி பாட்டிலில் சாம்பிள் வாங்கி, உள்ளே தெர்மாமீட்டர் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எந்த டிகிரியில் புகை போல மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அதற்கு முன்பே மங்கினால் அந்த மாதங்களில் தனியாக ஊற்றாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல், மீதி டீசல் என்று கலந்தும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். அந்தக் கலவையில் மைலேஜ் இழப்பும் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும்.

அப்புறம் ரப்பர். அமிலம் போல அரிப்பதில்லை, ரப்பர் அதைக் குடித்து ஊதுகிறது. பழைய வண்டிகளின் ஹோஸ், ஓ-ரிங், பம்ப் சீல் எல்லாம் பெரும்பாலும் நைட்ரைல் அல்லது இயற்கை ரப்பர். தூய பயோடீசலில் இவை மெதுவாக ஊதி மென்மையாகும். ஹோஸை அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும், வெளிப்புறம் வியர்த்தது போல ஈரமாகும். வைட்டான் என்று கடையில் சொல்லும் ஃப்ளூரோ ரப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. விலை அதிகம்தான், ஆனாலும் வாங்கலாம்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. ஊதிய சீல், மறுபடி டீசல் ஊற்றும்போது சுருங்கும். பயோடீசலில் ஒழுகாத பம்ப் அப்போதுதான் ஒழுகும். வெளியே சொட்டாவிட்டாலும் காற்று உள்ளே இழுத்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். குளிருக்காக டிசம்பரில் டீசலுக்குத் திரும்பினால் உங்களுக்கு நடக்கக்கூடியது இதுதான். ஆகவே தூய பயோடீசல் போடுவதாக இருந்தால் முதலில் சீல்களை மாற்றிவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு என்றால் சீல் அவ்வளவு பாதிக்காது, மாதம் ஒருமுறை ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

ஜீப்புக்கு, விலை 85க்கு இறங்கினால், மார்ச் முதல் நவம்பர் வரை இந்தக் கலவையைப் போடலாம். தண்ணீர் இன்ஜினுக்கு வேண்டாம். மழைக்காலத்தில் அது மாதக்கணக்கில் சும்மா நிற்கும். பயோடீசல் அப்படித் தேங்கினால் காற்றுபட்டுப் புளித்து, பிசின் பிடித்து இன்ஜெக்டரை அடைத்துவிடும்.