பழைய கட்டட இரும்புப் படிக்கட்டின் ஒழுங்கு

நியூயார்க்கின் பழைய குடியிருப்புகளில் வெளியே தொங்கும் இரும்புத் தீ அவசரப் படிக்கட்டுகள் எல்லா மாடியிலும் அச்சு மாறாமல் இருப்பது எப்படி? அழகுக்காகவா?

அழகுக்காக இல்லை, கணக்கு அப்படி. அந்தக் கட்டடங்களில் மேல்மாடிகளின் உயரம் பெரும்பாலும் ஒன்றே, ஜன்னல்களும் நேர்க்கோட்டில்தான். ஜன்னல் வழியாக வெளியே இறங்க வேண்டியிருப்பதால் படிக்கட்டின் ஒவ்வொரு மேடையும் ஜன்னலின் கீழ்விளிம்பை ஒட்டியே அமையும்.

மாடி உயரம் 10 அடி என்று வையுங்கள். படிக்கட்டு 60 பாகை சாய்வில் ஏறினால் கிடைமட்டமாகக் கிட்டத்தட்ட 5 அடி 9 அங்குலம் பிடிக்கும். இந்த அளவு மாடிக்கு மாடி மாறாது. ஆகவே பட்டறையில் ஒரே அளவில் பலகம் பலகமாகச் செய்து மாட்டினால் போதும். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியும் தானாகவே ஒத்துவரும். தரைக்கு வரும் கடைசிப் பகுதி மட்டும் வேறு. திருடர் ஏறாமலிருக்க அங்கே இழுத்து இறக்கும் ஏணி இருக்கும்.

இந்த ஒழுங்கு பழுதைக் காட்டிக்கொடுக்கவும் உதவும். எதிர்ச் சாரியிலிருந்து பாருங்கள்: ஒரு மேடை மட்டும் முன்பக்கம் சரிந்து, அதன் கம்பிகள் மேல்மாடிக் கம்பிகளோடு ஒத்துப்போகாவிட்டால் சுவருக்குள் போகும் தாங்கியைச் சந்தேகிக்கலாம். அங்கே தேங்கும் நீரில் இரும்பு துருப்பிடித்து உப்பும், செங்கல் விரிசல் விடும், பிடி தளரும். மேலே எத்தனை பெயின்ட் அடித்தாலும் இது சரியாகாது. அப்புறம் சுவரை உடைத்துத் தாங்கியையே மாற்ற வேண்டியதுதான்.