தோப்பு வேலியில் கரண்ட் விட்டால் திருடனுக்கு யார் பொறுப்பு?

"சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கோம். ராத்திரியில காய் களவு போகுது. கம்பிவேலியில கரண்ட் குடுத்து, திருட வந்தவனுக்கு ஏதாவது ஆனா நான் மாட்டுவேனா?"

மாட்டுவீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

1963-ல் செருபின் கிரகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. பீகாரில் ஒருவர், அக்கம்பக்கத்தார் தன் கழிப்பறைக்குள் வராமலிருக்க, நடைவழியில் மின்சாரம் பாயும் வெற்றுச் செம்புக் கம்பியைக் கட்டினார். எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. உள்ளே வந்த பெண் இறந்தார், கட்டியவருக்குத் தண்டனை. அத்துமீறி நுழைந்தவரானாலும் அவருக்குக் காயம் உண்டாக்கவென்றே பொறி வைக்க உரிமையாளருக்கு உரிமை கிடையாது.

தற்காப்பு உரிமையும் உதவாது. காய் திருட்டுக்கு உயிரை எடுக்கும் அளவுக்கு அந்த உரிமை நீளாது. அதோடு, கம்பிக்குத் திருடன் யார், ஆடு தேடி வந்த சிறுவன் யார் என்று தெரியாது. மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ன்படி 5 ஆண்டு வரை சிறை. சாகலாம் என்று தெரிந்தே விட்டது நிரூபணமானால் வழக்கு இன்னும் கடுமையாகும்.

அதே திருடன் மரமேறி வழுக்கி விழுந்தால் கதை வேறு. அது நீங்கள் வைத்த பொறியல்ல, பொதுவாகப் பொறுப்பு வராது. முள்வேலி, விளக்கு, காவலாள் எல்லாம் சரி.