சென்சார் 54 காட்டுகிறது, விரல் 76 காட்டுகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தருமபுரியில் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவரும் எனக்குக் கடந்த சில மாதங்களில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை சென்சாரைப் பற்றியவை. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை.

மதியம் ஒரு மணிக்குக் கேழ்வரகுக் களி சாப்பிட்டேன். 1:40 மணிக்குச் சென்சார் 138 காட்டியது. அதே நிமிடத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 162. சென்சார் பழுதா? (பென்னாகரம், வயது 51)

பழுது இல்லை. இரண்டு கருவிகளும் ஒரே இடத்தில் அளப்பதில்லை. குளுக்கோமீட்டர் விரல் நுனி ரத்தத்தை அளக்கிறது. சென்சாரின் மெல்லிய இழையோ தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கிறது. ஏரியின் மதகைத் திறந்தால் தலைமடை நனைந்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். அதுபோல ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்தத் திரவத்துக்குச் சற்றுப் பிந்தியே வந்து சேரும். பொதுவாக இந்தப் பிந்துதல் 5 முதல் 10 நிமிடம். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் 15 நிமிடம் வரையிலும் போகலாம்.

அந்த நேரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி எப்படி இருந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை. படுக்கையான அம்பு என்றால் மாற்றம் நிமிடத்துக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு என்று பொருள். சாய்ந்த அம்பு என்றால் 1 முதல் 2 வரை. செங்குத்து அம்பு என்றால் 2-க்கு மேல். சில கருவிகளில் 3-க்கு மேல் போனால் இரட்டை அம்பு வரும். களி சாப்பிட்டு நாற்பது நிமிடத்தில் உங்கள் அம்பு செங்குத்தாக மேல் நோக்கியே இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நிமிடத்துக்கு 2 வீதம் பத்து நிமிடத்துக்கு 20; 138-உடன் கூட்டினால் 158. உங்கள் விரல் சொன்ன 162-க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் சாப்பாட்டுக்கு முன், அம்பு படுக்கையாக இருக்கும் நேரத்தில் ஒப்பிடுங்கள். புதிய சென்சார் ஒட்டிய முதல் நாளில் மட்டும் ஒப்பிட வேண்டாம். அன்று அது நிலைகொள்ளாமல்தான் இருக்கும்.

மாம்பழக் கூழ் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். சென்சார் 140, படுக்கை அம்பு, விரலில் 310! பயந்துபோனேன். (கிருஷ்ணகிரி, வயது 45)

பிந்துதலால் இருபது, முப்பது வேறுபடலாம். படுக்கை அம்பு இருக்கும்போது 170 வேறுபடாது. உங்கள் விரல் நுனியில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்திருக்க வேண்டும். பரிசோதனைப் பட்டை உறிஞ்சும் ரத்தம் ஒரு சிறு துளிதான். அதில் சிறிதளவு பழச்சர்க்கரை கலந்தாலே எண் இரட்டிப்பாகிவிடும். துணியில் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, வேறொரு விரலில் மறுபடி குத்திப் பாருங்கள். அந்த 310-ஐ நம்பி இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தால்தான் உண்மையான ஆபத்து.

எனக்கு டைப் 1. ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மதிய உணவு தள்ளிப்போய், 4 மணிக்கு இன்சுலின் போட்டுச் சாப்பிட்டு, உடனே பளு தூக்கும் வேலைக்குப் போனேன். 5:40-க்குச் சென்சார் 126. 5:55-க்கு 94, அம்பு செங்குத்தாகக் கீழே. 6:06-க்கு 70, அலாரம் அடித்தது, வியர்த்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். 6:21-க்குச் சென்சார் 54, இன்னமும் கீழ்நோக்கிச் சாய்ந்த அம்பு; விரலில் 76. சென்சாரை நம்பி பிஸ்கட், பால் டீ, அதற்கும் பிறகு வாழைப்பழமும் லட்டும் சாப்பிட்டேன். 8 மணிக்கு 274. நான் செய்த தவறு என்ன? (வயது 34)

இவ்வளவு துல்லியமாக நேரம் குறித்து எழுதியதற்கு நன்றி. பல நோயாளிகளின் மாலைப் பொழுது இந்த வரிகளில் அடங்கியிருக்கிறது.

முதலில் 5:55-ஐப் பாருங்கள். 94 என்பது நல்ல எண்போலத் தோன்றும். ஆனால் செங்குத்தாக இறங்கும் அம்புடன் வந்த 94 அது. பதினைந்து நிமிடத்தில் 32 இறங்கியிருக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 2-க்குச் சற்று மேல். சென்சார் பத்து நிமிடம் பிந்துகிறது என்று கொண்டால், அந்தக் கணத்தில் உங்கள் ரத்தத்தில் 74-க்கு அருகில்தான் இருந்திருக்கும். இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது, தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருந்தன. சர்க்கரைத் தண்ணீர் குடித்திருக்க வேண்டிய நேரம் அதுவே. 6:06-க்குச் சென்சார் 70 என்று சொன்னபோது ரத்தத்தில் 50 அளவுக்கு வந்திருக்கக்கூடும். ‘70-க்கே ஏன் வியர்க்கிறது’ என்ற புதிருக்கு விடை இதுதான்.

அடுத்து நீங்கள் குடித்த மூன்று டீஸ்பூன் சர்க்கரை. அது ஏறக்குறைய 15 கிராம். அந்த அளவும் சரி, எடுத்த பொருளும் சரி. தவறு 6:21-இல் நேர்ந்தது. அப்போது சென்சார் காட்டிய 54, ஏறக்குறைய 6:11 மணிக்கு ரத்தத்தில் இருந்த நிலையின் நிழல். குடித்த சர்க்கரை அப்போதுதான் குடலிலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது. அம்பும் கடந்த சில நிமிட எண்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே திருப்பம் நிகழ்ந்த இடத்தில் அது பழைய திசையையே காட்டிக்கொண்டிருக்கும். தாழ்நிலையிலிருந்து மீண்டுவரும் அந்த அரைமணி நேரத்தில் விரலே சாட்சி. உங்கள் விரல் 76 என்றது. 15 கிராம் தன் வேலையைச் செய்துவிட்டது. இன்சுலின் மிச்சமிருப்பதாலும் வேலை தொடர்வதாலும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு சிறிய வாழைப்பழமோ எடுத்திருக்கலாம். அதற்கு மேல் சாப்பிட்டதெல்லாம் 274-ஆகத் திரும்பி வந்தது. பசியும் நடுக்கமும் அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கை தானாக லட்டுப் பெட்டிக்குப் போவது இயல்புதான். உங்களைக் குறை சொல்லவில்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். சர்க்கரைத் தண்ணீரைக் குடித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடம் கழித்துக் கையைக் கழுவிவிட்டு விரலில் குத்துங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னொரு 15 கிராம். முதல் உதவிக்குப் பிஸ்கட்டும் பால் டீயும் வேண்டாம். அவற்றிலுள்ள மாவும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அலாரத்தை 70-இலிருந்து 80 அல்லது 85-க்கு ஏற்றி வையுங்கள். செங்குத்தாக இறங்கும்போது அது உங்களுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடத்தைச் சேமித்துத் தரும். கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குள் போகும் இடமாக இருந்தால் அலாரம் எட்டாது, ஏனென்றால் சென்சாரின் சமிக்ஞை சில மீட்டர் தூரமே போகும். சென்சாரின் எண்ணைக் காட்டும் தனிக் கருவியான ரீடரை உடன் வைத்துக்கொள்ள மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். சுயநினைவு குழம்பியவரின் வாயில் மற்றவர்கள் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். இரவு இரண்டரை மணி வாக்கில் சென்சார் 105-இலிருந்து 52-க்கு இறங்கி, அரைமணி கழித்து மறுபடி 100-க்கு வருகிறது. (அரூர், வயது 48)

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இத்தகைய தாழ்நிலை வருவது அரிது. அனுப்பிய படத்தில் கோடு கிணற்றுச் சுவர்போல நேராக இறங்கி, அடியில் தட்டையாகக் கிடந்து, அதே செங்குத்தில் ஏறுகிறது. உண்மையான தாழ்நிலை பெரும்பாலும் சரிவாக இறங்கும். சென்சார் ஒட்டிய கையின்மேல் நீங்கள் புரண்டு படுக்கிறீர்கள். அழுத்தத்தில் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்குகிறது, புரண்டதும் சரியாகிறது. இரண்டு இரவு, அலாரம் அடித்த உடனே விரலில் குத்திப் பாருங்கள். விரலில் 95, 100 என்று வந்தால் அடுத்த சென்சாரை நீங்கள் படுக்காத பக்கத்துக் கையில் ஒட்டினால் போதும். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் இந்த விளக்கத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் ஒவ்வொரு முறையும் குத்திப் பார்த்த பிறகே தூங்க வேண்டும்.

அப்பாவுக்கு வயது 76. கிளிமிபிரைடு மாத்திரையும் இரவு இன்சுலினும் எடுக்கிறார். 14 நாள் அறிக்கையில் வரம்புக்குள் 74%, மேலே 19%, கீழே 7%. 70%-ஐத் தாண்டிவிட்டதால் நல்லதுதானே? (காவேரிப்பட்டணம்)

எனக்கு இது நல்ல அறிக்கையாகத் தெரியவில்லை. 70 முதல் 180 வரையான வரம்புக்குள் நாளின் 70%-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வயது வந்தவர்களுக்கான இலக்கு. 2019-இல் வெளியான சர்வதேச இணக்க அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. முதியவர்களுக்கும் தாழ்நிலை ஆபத்து உள்ளவர்களுக்கும் அதே அறிக்கை வேறு இலக்கு வைக்கிறது: வரம்புக்குள் 50%-க்கு மேல் இருந்தால் போதும், ஆனால் 70-க்குக் கீழே 1%-க்கும் குறைவாகவே இருக்க வேண்டும். சதவீதத்தை நிமிடமாக்கிப் பாருங்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். அதில் 1% என்பது பதினான்கு நிமிடம். உங்கள் அப்பாவுக்கு 7%, அதாவது நாள்தோறும் சராசரியாக நூறு நிமிடம். அந்த நூறு நிமிடத்தில்தான் தலைசுற்றலும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நேர்கின்றன.

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சென்சார் எத்தனை சதவீத நேரம் தரவு பதிந்தது என்று அறிக்கையின் மேற்பகுதியில் இருக்கும். அது 70%-க்குக் குறைந்தால் மற்ற எண்களை நம்ப முடியாது. ரீடரைக் காட்டிப் படிக்கும் சில சென்சார்கள் 8 மணி நேரத் தரவை மட்டுமே வைத்திருக்கும். இரவு எட்டு மணிக்குப் படித்துவிட்டு அடுத்து காலை ஆறுக்குப் படித்தால், எட்டு முதல் பத்து வரையான இரண்டு மணி நேரம் அழிந்துபோகும். அடுத்து, பதினான்கு நாளையும் ஒரே நாளாக அடுக்கிக் காட்டும் படத்தில் நிழல் பட்டை எந்த நேரத்தில் 70 கோட்டுக்குக் கீழே தொங்குகிறது என்று பாருங்கள். அதிகாலை மூன்று முதல் ஆறு வரை தொங்கினால் இரவு இன்சுலினைக் குறைப்பது பற்றியும், முற்பகல் பதினொன்றுக்குத் தோட்டத்தில் இருக்கும்போது தொங்கினால் காலை கிளிமிபிரைடு பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த மாத முறை வரை காத்திருக்காமல் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.