கால் சென்டர் இண்டர்வியூ: குரல், டைப்பிங், கோபக்கார வாடிக்கையாளர்

வாய்ஸ் ரவுண்டில் 'எம்.டி.ஐ. அதிகம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கர் மாதிரிப் பேச வேண்டுமா? – கோவில்பட்டி வாசகி

வேண்டாம். எம்.டி.ஐ. என்றால் 'மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ்', ஆங்கிலத்தில் தெரியும் தாய்மொழிச் சாயல். வரவழைத்துக்கொண்ட அமெரிக்க உச்சரிப்பு இரண்டு நிமிடத்தில் நழுவிவிடும். எதிர்முனையில் இருப்பவருக்கு ஒருமுறை கேட்டதும் புரியுமா என்றுதான் பார்க்கிறோம்.

தமிழர்களிடம் நான் அதிகம் கேட்பது, சொல்லின் முடிவில் ஒட்டும் உகரம்: 'டிக்கெட்' என்பது 'டிக்கெட்டு' ஆகிவிடும். அடுத்தது முன்னால் வரும் யகரம்: 'எம்' என்ற எழுத்தை 'யெம்' என்பார்கள். மூன்றாவதுதான் நிஜமான சிக்கல். பையைக் குறிக்கும் 'பேக்'கும் பொட்டலத்தைக் குறிக்கும் 'பேக்'கும் நம் எழுத்தில் ஒன்றுதான். வாயிலும் ஒன்றானால் ஆர்டரே மாறிவிடும். செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்து போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு தவறை மட்டும் திருத்துங்கள்.

வெர்சன்ட் மாதிரி கணினித் தேர்வு என்றால், ஒரு பகுதியில் வாக்கியம் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால் அங்கேயே நிற்காமல் மீதியைச் சரளமாகச் சொல்லி முடியுங்கள். தயங்கித் தயங்கிப் பேசினால் சரளத்துக்கான மதிப்பெண்ணும் குறையும்.

டைப்பிங்கில் வேகமாகத்தான் அடித்தேன். ஆனாலும் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன்? – ஆவடி வாசகர்

பிழைகள் கழிந்திருக்கும். வழக்கமான கணக்கில், இடைவெளியையும் சேர்த்து ஐந்து எழுத்து ஒரு சொல். 5 நிமிடத்தில் 900 எழுத்து அடித்தால் 180 சொல், அதாவது நிமிடத்துக்கு 36. திருத்தாமல் விட்ட பிழை 15 என்றால் 180-இல் 15 போய் 165. நிமிடத்துக்கு 33 ஆகிவிடும். பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்திய பிழை கழியாது, நேரம்தான் போகும். அதனால் அடித்த உடனே கண்ணில் பட்டதைத் திருத்துங்கள். முந்தைய வரிக்குத் திரும்பிப் போகாதீர்கள். சில தேர்வுகளில் பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தமிழ் வாய்ஸ் பிராசஸ் இண்டர்வியூவில் பேனல் மேடம் வாடிக்கையாளராக நடித்துக் கத்தினார். நான் 'சாரி மேடம்' என்று ஐந்தாறு முறை சொன்னேன். அதுவே தவறு என்கிறார்கள். வேறு என்ன சொல்வது? – மதுரை வாசகர்

பலரும் தோற்கும் இடம் இதுதான். ஐந்தாவது 'சாரி', அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்பது போலத்தான் கேட்கும். நான் பேனலில் அடிக்கடி கொடுக்கும் சூழ்நிலையையே எடுத்துக்கொள்வோம்: குக்கர் கைப்பிடி உடைந்து வந்திருக்கிறது, 3 நாளில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், 6 நாளாகியும் யாரும் வரவில்லை, இது மூன்றாவது அழைப்பு.

முதலில் அவர் கொட்டி முடிக்கட்டும். குறுக்கிடாமல் 'சரிங்க மேடம்' என்று மட்டும் சொல்லுங்கள். முழு மௌனம் காத்தால் லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைப்பார். கேட்கும்போதே பொருள், நாள், எத்தனையாவது அழைப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மூச்சு விடும்போது சொல்ல வேண்டியது இது:

"உடைஞ்ச குக்கரை எடுத்துக்கிறோம்னு சொல்லி 6 நாளாச்சு, மூணாவது தடவை கூப்பிடுறீங்க. மன்னிச்சுக்கோங்க மேடம். திரும்ப முதல்லேருந்து சொல்ல வேண்டாம். ஆர்டர் நம்பர் மட்டும் சொல்லுங்க, பிக்கப் எங்க நிக்குதுன்னு பார்க்கிறேன்."

மன்னிப்பு ஒரே ஒருமுறைதான், அதுவும் எதற்கு என்று தெரிகிறது. கேட்ட விவரமும் ஒன்றே ஒன்று. பிறகு ஹோல்டில் போடுவதானால் அனுமதி கேளுங்கள், 2 நிமிடம் என்றால் 2 நிமிடத்தில் திரும்பி வாருங்கள், காத்திருந்ததற்கு நன்றி சொல்லுங்கள். இதைக் கவனிக்கத்தான் பேனலில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து அவர் "இன்னைக்கே பணம் வேணும்" என்று மிரட்டுவார். அதுதான் பொறி. 'சரி, இன்றே வந்துவிடும்' என்று சொல்பவரை நான் எடுப்பதில்லை. அந்தப் பொய்தான் நான்காவது அழைப்பாகத் திரும்பி வரும். "பணம் எப்ப வரும்னு நான் இப்ப உறுதி சொல்ல முடியாது. பிக்கப்பை இப்பவே திரும்பப் பதிவு பண்றேன், அதோட எண்ணை உங்களுக்குச் சொல்றேன்" என்பதே நேர்மையான பதில்.

மேலதிகாரியைக் கேட்டாலோ, கெட்ட வார்த்தை பேசினாலோ? – சேலம் வாசகி

மேலதிகாரியைக் கேட்டால், "நானே முடிச்சுத் தர ஒரு வாய்ப்புக் கொடுங்க" என்று ஒருமுறை சொல்லலாம். மறுபடியும் கேட்டால் மாற்றிவிடுங்கள். ஆனால் அழைப்பை எடுப்பவரிடம் முழுக் கதையையும் நீங்களே சொன்ன பிறகு மாற்றுங்கள். கெட்ட வார்த்தைக்கு, குரலை உயர்த்தாமல் எச்சரித்துவிட்டு, "அப்புறமும் தொடர்ந்தால் நிறுவன விதி எப்படியோ அப்படிச் செய்வேன்" என்று பேனலிடம் சொல்லுங்கள். உடனே போனை வைத்துவிடுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.