ஸுந்தூக், ஸுந்தூகைன், ஸனாதீக்

கேள்வி: அரபி படிக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பன்மை ஒவ்வொரு மாதிரி வருது, இதுல "ரெண்டு"க்குத் தனி வடிவம் வேற. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா, வேற வழி இருக்கா?

பதில்:

பாதிக்கு வழி இருக்கிறது, பாதிக்கு இல்லை. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டாலே சுமை நிறையக் குறைந்துவிடும். எனக்கு அது தெரியாமல் முதல் ஒரு வருஷம் வீணாகப் போனது.

நான் ரியாத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். முதல் மாதம் கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று வந்தது. பொருளின் பெயர், அதன் பக்கத்தில் ஸுந்தூக் (பெட்டி) என்ற சொல், அதன் கடைசியில் யா, நூன் என்று இரண்டு எழுத்து. எண் எங்கேயும் இல்லை. நான் அப்போதுதான் முஹந்திஸ் (பொறியாளர்) என்பதற்குப் பன்மை முஹந்திஸீன் என்று படித்திருந்தேன். அதே யா, நூன்தானே, சரி, "பெட்டிகள்" என்கிறார் போல என்று எட்டுப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். சீட்டு எழுதிய ஏமன்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு விரலை நீட்டி "ஸுந்தூகைன்!" என்றார். சீட்டில் எண் இல்லாததற்குக் காரணம், அந்த யா, நூன்தான் எண்.

ஆக இருமையை முதலில் முடித்துவிடலாம், அதில் மனப்பாடமே கிடையாது. ஒருமைச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு கடைசியில் எழுவாய் வேற்றுமையில் ஆனி, மற்ற வேற்றுமைகளில் ஐனி. ஸுந்தூகானி, ஸுந்தூகைனி. பேச்சில் இந்த வேறுபாடு போய்விட்டது, எல்லா இடத்திலும் ஐன் அல்லது ஏன் என்றுதான் கேட்கும். கடைசியில் தா மர்பூதா உள்ள சொல்லாக இருந்தால் அந்த மறைந்திருக்கும் த வெளியே வரும், மத்ரஸா என்பது மத்ரஸதானி ஆகும். பஹ்ரைன் என்ற நாட்டின் பெயரும் இதுதான், பஹ்ர் என்றால் கடல், பஹ்ரைன் இரண்டு கடல்.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் தப்பு, பன்மையின் மேல் இருமையை ஒட்டுவது. கிதாப், குதுப் என்று படித்துவிட்டு "குதுபானி" என்பார்கள். அப்படிக் கிடையாது, கிதாபானிதான். இருமைக்குப் பன்மையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் விழுந்த குழிக்கும் ஒரு விதி இருக்கிறது, அப்போது யாரும் சொல்லவில்லை. உயிர்க்குறி போடாமல் எழுதினால் முஹந்திஸைன் (இரண்டு பேர்), முஹந்திஸீன் (பல பேர்) இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். ஆனால் அந்த ஈன் பன்மை ஏறக்குறைய மனிதர்களுக்கு மட்டும்தான் வரும் (வருஷத்தைக் குறிக்கும் ஸினீன் போல ஓரிரண்டு விலக்கு உண்டு). பெட்டி, சாவி, கதவு போன்ற பொருளின் பெயருக்குப் பின்னால் யா, நூன் ஒட்டியிருந்தால் அது இரண்டு என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பன்மை. பொருள்களுக்கு வருவது பெரும்பாலும் ஜம்உ தக்ஸீர், உடைந்த பன்மை. சொல்லின் மெய்கள் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் உயிர்கள் மாறிவிடும். "எந்தச் சொல் எந்த அச்சில் விழும்" என்பதுதான் பிரச்சினை. இதில் எல்லாரும் மூன்று மெய் உள்ள சொற்களிலிருந்து தொடங்குகிறார்கள், அங்கேதான் சிக்கல் அதிகம். நான்கு மெய் உள்ள சொற்களிலிருந்து தொடங்குங்கள். அங்கே அச்சு கிட்டத்தட்ட ஒன்றேதான்.

நான்கு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸுந்தூக்கில் உள்ள மெய்கள் ஸ, ந, த, க. நான்கையும் வரிசை மாறாமல் உட்கார வைத்துவிட்டு, முதல் மெய்க்கு அ, இரண்டாவதற்கு நெடில் ஆ, மூன்றாவதற்கு இ அல்லது ஈ. ஸ-னா-தீ-க். எப்போது குறில், எப்போது நெடில்? ஒருமையில் கடைசி மெய்க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நெடில் இருந்தால் (ஸுந்தூக், மிஃப்தாஹ்) பன்மையிலும் நெடில்: ஸனாதீக், மஃபாதீஹ். அங்கே குறில் இருந்தால் (மக்தப், மஸ்ஜித், ஃபுந்துக்) பன்மையிலும் குறில்: மகாதிப், மஸாஜித், ஃபனாதிக். கடைசியில் தா மர்பூதா இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும்: மத்ரஸா, மதாரிஸ். ஒருமையில் இருந்த உயிர் உகரமா இகரமா என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை, நீளம் மட்டும்தான் தப்பிப் பிழைக்கிறது.

இந்த அச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வெளியிலிருந்து வந்த சொற்களே சாட்சி. கிடங்கில் தினமும் கேட்ட சொல் கர்தூன், அட்டைப்பெட்டி, ஐரோப்பியச் சொல். அதன் பன்மையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. க, ர, த, ந, கடைசியில் நெடில். கராதீன் என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் பர்மீல் (பீப்பாய்), பராமீல். ஐந்து மெய் இருந்தால்? நாற்காலி நான்குதான், ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். பர்னாமஜ் (நிகழ்ச்சி) என்பதில் நூன் காணாமல் போய் பராமிஜ் ஆகிறது.

கிடங்குக்கு அரபியில் மக்ஸன். பன்மை என்ன என்று இப்போது நீங்களே சொல்லலாம், மகாஸின். இந்தப் பன்மைதான் இத்தாலி, பிரான்ஸ் வழியாகச் சுற்றி, சரக்குக் கிடங்கு என்ற பொருளோடு போய், கடைசியில் நாம் வாரப் பத்திரிகைக்குச் சொல்லும் மேகஸின் ஆனது.

வாசிக்கும்போதும் இது உதவும். உயிர்க்குறி இல்லாத எழுத்தில் இந்த அச்சு கண்ணுக்குத் தெரியும்: இரண்டு எழுத்து, அப்புறம் ஒரு அலிஃப், அதற்குப் பின்னால் இரண்டு எழுத்து, அல்லது நடுவில் யா வைத்து மூன்று. கராதீன், கர்தூனைன் இரண்டுமே யா, நூனில் முடிகின்றன, முதலாவது பன்மை, இரண்டாவது இருமை. வாலைப் பார்த்தால் குழம்பும், நான்கு மெய்ச் சொற்களில் மூன்றாவது எழுத்து அலிஃபா என்று பாருங்கள். இலக்கணக்காரர்கள் இந்த வகைக்கு முன்தஹல் ஜுமூஉ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இதற்குத் தன்வீன் வராது.

விலக்கு இல்லாமல் இல்லை. மு என்று தொடங்கி ஆளைக் குறிக்கும் சொற்கள் (முஹந்திஸ், முதர்ரிஸ்) இந்த நாற்காலியில் உட்காராது, அவை ஊன், ஈன் போட்டுக்கொண்டு போய்விடும்.

ஃபாஇல் அச்சில் உள்ள ஒருமைச் சொற்களில் ஒரு நல்ல விளையாட்டு இருக்கிறது, அங்கே பன்மையின் அச்சு பொருளையும் சொல்லும். ஆமில் என்பதற்கு இரண்டு பன்மை. தொழிலாளி என்றால் உம்மால், காரணி என்றால் அவாமில். ஆளுக்கு ஃபுஆல் என்று நடு மெய் இரட்டிக்கும் அச்சு, பொருளுக்கு நான்கு நாற்காலி அச்சு, ஒரு நாற்காலியில் வாவ் உட்கார்ந்துகொள்ளும். அதே மாதிரி காதிப் (எழுத்தர்) குத்தாப், தாஜிர் (வியாபாரி) துஜ்ஜார், ஆனால் ஷாரிஉ (தெரு) ஷவாரிஉ. நாயிப் என்றால் பிரதிநிதி, அதன் பன்மை நுவ்வாப். பஹ்ரைனில் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைக்கு மஜ்லிஸ் அந்நுவ்வாப் என்று பெயர். நம் ஆற்காட்டு நவாப் இதே சொல்தான், ஒரே ஆளுக்கு மரியாதையாகப் பன்மையைக் கொடுத்துவிட்டார்கள். நாம் "நவாபுகள்" என்றும் "உலமாக்கள்" என்றும் (உலமாவே ஆலிமின் பன்மை) அதன் மேல் நம் பன்மையையும் ஏற்றிவிட்டோம், அது வேறு கதை.

மூன்று மெய்ச் சொற்களுக்கு வருகிறேன், இங்கே பொய் சொல்லக் கூடாது. தர்ஸ் போல நடுவில் உயிரில்லாமல் இருந்தால் பெரும்பாலும் துரூஸ் மாதிரி வரும்: கல்ப், குலூப், பங்க், புனூக். கலம், வலத் போன்றவை அக்லாம், அவ்லாத் என்று போகும், ஆனால் அதே அச்சில் இருக்கும் ஜபல் (மலை) ஜிபால் ஆகிவிடும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. குர்ஃபா (அறை) போல உகரத்தில் தொடங்கித் தா மர்பூதாவில் முடிந்தால் மட்டும் குரஃப் என்று ஓரளவு நம்பலாம். இன்னொரு குழி, ஜிபால் என்ற பன்மையும் கிதாப் என்ற ஒருமையும் ஒரே அச்சு. காதில் விழுந்த ஓசையை மட்டும் வைத்து எது என்று தீர்மானிக்க முடியாது. சில சொற்களுக்கு இரண்டு பன்மை, இரண்டு அர்த்தம்: பைத் என்பது வீடு என்றால் புயூத், கவிதையின் அடி என்றால் அப்யாத்.

அதனால் நான் செய்தது, நோட்டில் அகர வரிசையை விட்டுவிட்டு அச்சுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். துரூஸ் பக்கம், அக்லாம் பக்கம், ஜிபால் பக்கம். புதுச் சொல் வந்தால் முதலில் நானே ஊகித்து பென்சிலில் எழுதுவேன், அப்புறம் அகராதியைப் பார்ப்பேன். ஊகம் தப்பினால் மட்டும் சிவப்பில். நான்கு மெய்ப் பக்கத்தில் சிவப்பு அபூர்வம், அந்தப் பக்கத்தில் எழுதுவதையே சீக்கிரம் நிறுத்திவிட்டேன். மூன்று மெய்ப் பக்கங்களில் சிவப்பாக இருப்பதை மட்டும் ஒருமையோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லிப் படித்தேன், "ஜபல் ஜிபால், ரஜுல் ரிஜால்" என்று.

சோதித்துப் பார்க்க எண்ணிக்கை மாதிரி வசதியானது எதுவும் இல்லை. ஒன்றுக்கு ஸுந்தூக், இரண்டுக்கு ஸுந்தூகைன் (இரண்டு என்ற எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டாம்), 3 முதல் 10 வரை எண்ணோடு ஸனாதீக், 11 ஆனதும் மறுபடியும் ஒருமை ஸுந்தூக். வீட்டில் இருக்கும் சாவி, நாற்காலி, அறை என்று ஒவ்வொன்றையும் 1, 2, 5, 11 என்று நான்கு தடவை சொல்லிப் பாருங்கள். எது தெரியவில்லை என்பது 5இல் மாட்டிக்கொள்ளும்.

இம்ரஆ (பெண்), நிஸா (பெண்கள்) ஜோடிக்கு மட்டும் அச்சு தேடாதீர்கள். இரண்டும் வேறு வேறு சொற்கள். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.