நெற்றியில் இருந்த கோடு

கேள்வி: யாரோ ஒருவர் தொலைத்த புகைப்படம் உங்கள் கையில் கிடைத்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

கிடைத்தது. திருப்பிக் கொடுப்பதற்குள் நானே அதைக் கொஞ்சம் கெடுத்தும் வைத்தேன்.

படம் எடுப்பதுதான் என் தொழில். கைமாறி வந்த ஒரு பழைய அகராதிக்குள் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அஞ்சலட்டை அளவு. நாற்காலியில் கைவைத்து நிற்கும் இளம்பெண், பக்கத்தில் ஐந்தாறு வயதுப் பையன். ஓரங்களில் மட்டும் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு. பழைய படங்களில் காகிதத்திலுள்ள வெள்ளி மெல்ல மேலே வந்து இப்படி மின்னும். பின்பக்கம் பாதி அழிந்த ஊதா முத்திரை, அதற்குக் கீழே பென்சிலில் ஓர் எண். பெயர் இல்லை.

உரியவரைத் தேடத்தான் ஸ்கேன் செய்தேன். திரையில் பெரிதாகப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கறைகளை எடுத்தேன். பையனின் நெற்றியில் புருவத்துக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. கீறல்தான் என்று நினைத்து ஹீலிங் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, போய்விட்டது. பெண்ணின் உடை கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு ஆழ்ந்த நீலம் கொடுத்து, மேலே ஓவியத் துணியின் சொரசொரப்பையும் ஏற்றினேன். அழகாகத்தான் இருந்தது. "இவர்களைத் தெரியுமா?" என்று எழுதிப் பொதுவில் போட்டேன். உண்மையைச் சொன்னால், தேடும் ஆசை பாதி, பாராட்டு வாங்கும் ஆசை பாதி.

பாராட்டு நிறைய வந்தது. உரிமை கேட்டு மூன்று பேர் வந்தார்கள். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பின்பக்கத்தைப் பற்றி வெளியே மூச்சு விடாதது. "பின்னால் என்ன இருக்கிறது?" என்று கேட்டதும் மூன்று பேரும் மறைந்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு வயதான அம்மாவிடமிருந்து செய்தி. "நாற்காலியில் கை வைத்திருக்கும் விதம் அப்படியே எங்கள் அம்மா. ஆனால் என் தம்பிக்கு நெற்றியில் தழும்பு உண்டு, இந்தப் பையனுக்கு இல்லை. வேறு யாரோ போல. தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார்."

வயிற்றில் ஏதோ புரண்டது. அசல் படத்தை எடுத்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு படுக்க வைத்து ஒளியைச் சாய்வாக விட்டேன். காகிதத்தில் விழுந்த கீறல் என்றால் அந்த இடம் பள்ளமாக, ஒரு பக்கம் நிழலும் மறுபக்கம் மினுக்கமுமாகத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை, மேற்பரப்பு வழவழவென்று இருந்தது. ஸ்கேனைப் பெரிதாக்கினால் முகத்தில் உள்ள அதே மணிமணியான துகள்கள் கோட்டுக்குள்ளும் ஓடின. அது கேமரா பார்த்த கோடு. பையனின் தோலில் இருந்தது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கை வைக்காத ஸ்கேனை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில்: "பின்னால் பென்சிலில் எண் இருக்கும். அப்பாதான் எழுதினார், 7-க்குக் குறுக்கே கோடு போடுவார்." இருந்தது, குறுக்குக் கோட்டோடு.

இன்னொன்றும் கேட்டார்: "அம்மா உடுத்தியிருந்தது சிவப்பு. நீங்கள் ஏன் நீலம் போட்டீர்கள்?" இதற்கும் என்னிடம் சமாதானம் இல்லை. அந்தக் காலத்து ஃபிலிம்களில் பல சிவப்பை உணராதவை. சிவப்பு கறுப்பாக விழும், நீலமோ வெளிறிப்போகும். அவ்வளவு கறுப்பாக விழுந்த துணிக்கு நீலம் என்று ஊகித்தது படித்தவன் செய்கிற ஊகம் இல்லை.

அசலை அமிலமில்லாத தாளில் சுற்றி, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினேன். லேமினேட் செய்யலாமா என்று கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் படமும் சேர்ந்து உரிந்துவரும்.

பொதுவில் போட்டதை நீக்கிவிட்டுச் சொன்னபோது, திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "தம்பிக்கு அந்த வண்ணப் படம் பிடித்துவிட்டது சார். ஒன்று அனுப்புவீர்களா? அம்மாவுக்குச் சிவப்பு போடுங்கள். அவன் தழும்பையும் திரும்ப வைத்துவிடுங்கள்" என்றார்.

திருத்தங்களைத் தனித்தனி லேயர்களாக வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே படமாக்கிச் சேமித்திருந்தேன். அதனால் கோட்டை மட்டும் முதல் ஸ்கேனிலிருந்து வெட்டி எடுத்து, சொரசொரப்போடு பொருந்தும்படி புருவத்துக்கு மேலே உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஒரே இழுப்பில் போன கோடு திரும்பி வர ஒரு மதியம் முழுக்க ஆனது.