லுக் பாத்: இயைபு எட்டில் அல்ல, ஆறில்

"என் ஆறசை அடி 'சோங்' என்றும் எட்டசை அடி 'டோங்' என்றும் முடிகிறது. ஒலி ஒத்துத்தான் வருகிறது. ஆனாலும் வியட்நாமியத் தோழி இது லுக் பாத் இல்லை என்கிறார். ஏன்?"

லுக் பாத் என்பது ஆறசை அடியும் எட்டசை அடியும் மாறி மாறி வரும் வியட்நாமிய யாப்பு. உங்கள் சொல் சரி, இடம்தான் தவறு. 'டோங்' எட்டாவது அசையில் அல்ல, ஆறாவதில் வரவேண்டும். இப்படி:

ச்சியூ நை முவா டோ பென் சோங்
மே ஙோய் டோய் ச்சுயென் டோ டோங் சுவா வே

(மாலையில் ஆற்றோரம் மழை, கூட்டம் ஏறிய படகு இன்னும் திரும்பவில்லை, அம்மா காத்திருக்கிறாள்.)

கடைசி 'வே' புது இயைபைத் தொடங்குகிறது. அடுத்த ஆறசை அடி அதற்கு ஒத்து, 'க்வே' (சொந்த ஊர்) என்பதுபோல முடியலாம். சங்கிலி இப்படியே நீளும்.

அப்புறம் தொனி. தமிழ்க் காது இதைத்தான் கோட்டைவிடும். வியட்நாமியத்தின் ஆறு தொனிகளில் சமத்தொனி, இறங்குதொனி இரண்டும் 'பாங்' வகை. மற்ற நான்கும் 'ட்ராக்'. அடிதோறும் இரண்டாம், ஆறாம் அசைகள் பாங், நான்காவது ட்ராக், எட்டாவதும் பாங்தான். ஆனால் எட்டசை அடியில் ஆறும் எட்டும் ஒரே தொனியாக இருக்கக்கூடாது. மேலே 'டோங்' சமம், 'வே' இறக்கம். இரண்டையும் சமத்தொனியில் வைத்தால் வகைப்படி பாங்தான், ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது அடி முடியாமல் தொங்கும்.